மேற்கோள் குறிக்குள் யாருடைய சொல்?

1983 டிசம்பரில் அமெரிக்காவின் ‘நியூ யார்க்கர்’ இதழ் ஒரு நீண்ட கட்டுரையை இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. எழுதியவர் ஜேனட் மால்கம். கட்டுரை ஜெஃப்ரி மேசன் என்ற உளப்பகுப்பாய்வாளரைப் பற்றியது. சிக்மண்ட் ஃபிராய்டின் ஆவணக் காப்பகத்தில் பொறுப்பு வகித்த மேசன், ஃபிராய்டின் கோட்பாடு ஒன்றைப் பற்றி மாறுபட்ட கருத்தைப் பொதுவில் பேசியபின் 1981-இல் அங்கிருந்து நீக்கப்பட்டவர். மால்கம் அவரைப் பலமுறை சந்தித்துப் பேசி, 40 மணி நேரத்துக்கும் மேலான உரையாடலை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். கட்டுரை வெளிவந்ததும் மேசன் அவதூறு வழக்குத் தொடுத்தார். தன் வாயிலிருந்து வந்ததாக மேற்கோள் குறிக்குள் அச்சான சில பகுதிகளைத் தான் சொல்லவே இல்லை என்பது அவர் வாதம்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே ஆறு பகுதிகளை எடுத்துக்கொண்டு, நாடாவில் இருந்ததையும் அச்சில் வந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். 1991-இல் நீதிபதி ஆன்டனி கென்னடி எழுதிய தீர்ப்பு, பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் எவருக்கும் பாடமாக வைக்கத் தக்கது.

பிறர் சொன்னதை நம் எழுத்துக்குள் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. சொன்னவரின் சொற்களை அப்படியே குறிக்குள் இடுவது நேர் மேற்கோள். அதே கருத்தை ஏறக்குறைய அதே அளவில் நம் சொற்களில் சொல்வது மாற்றுரை. நீண்ட பேச்சையோ நூலையோ அதன் மையக் கருத்துகள் மட்டும் நிற்கும்படி குறுக்குவது சுருக்கம். பள்ளித் தேர்வில் ‘சுருக்கி வரைக’ என்ற வினாவுக்கு விடை எழுதிய எல்லோருக்கும் மூன்றாவது பழக்கமானதுதான். ஆனால் வேறுபாட்டை நீளத்தை வைத்துப் புரிந்துகொண்டால் பாதிதான் புரியும். ஒவ்வொன்றும் வாசகருக்கு ஒரு வாக்குறுதி தருகிறது. நேர் மேற்கோள் சொல்லுக்கு உறுதி தருகிறது. மாற்றுரை பொருளுக்கு உறுதி தருகிறது. சுருக்கம் மூலத்தில் எது பெரிது, எது சிறிது என்ற அளவைக் குலைக்காமல் தருவதாக உறுதி சொல்கிறது. எந்த வாக்குறுதியைக் கொடுத்தோமோ அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

மேசன் வழக்கில் முதலில் எழுந்த கேள்வி, குறிக்குள் இருப்பது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டுமா என்பது. நடைமுறையில் எந்தச் செய்தியாளரும் பேச்சை அப்படியே அச்சிடுவதில்லை. திக்கலையும் திணறலையும் எடுத்துவிடுவார், எழுவாயும் பயனிலையும் ஒட்டாமல் போனால் ஒட்டவைப்பார். குறிப்பேட்டிலிருந்து எழுதுபவர் நினைவைக் கொண்டு இடைவெளியை நிரப்பவும் வேண்டியிருக்கும். இதையெல்லாம் பொய் என்று தண்டித்தால் நேர்காணலே எழுத முடியாது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சொல்லை வேண்டுமென்றே மாற்றியிருந்தால்கூட, அந்த மாற்றம் பொருளைக் கணிசமாகத் திருப்பினால்தான் அவதூறு வழக்கில் அது பொய்யாகும் என்று வரையறுத்தது.

அந்த அளவுகோலை ஆறு பகுதிகளிலும் வைத்துப் பார்த்தார்கள். மேசன் தன் நடுப்பெயரைப் பிற்காலத்தில் மாற்றிக்கொண்டவர். அந்தப் பெயர் கேட்க நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டதாக அவர் சொன்னார் என்று கட்டுரையில் இருந்தது. நாடாவில் அவர் சொன்னது, அந்தப் பெயர் தனக்குப் பிடித்திருந்தது என்பதுதான். சொல் வேறு, ஆனாலும் பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

மீதி ஐந்தும் அப்படி இல்லை. அவற்றில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மேசனை வேலையிலிருந்து நீக்கிய கர்ட் ஐஸ்லர், அதைப் பற்றி வெளியே பேசாமல் இருக்கும்படி அவரிடம் கேட்கிறார். நாடாவின்படி, ஐஸ்லர் அதற்குச் சொன்ன காரணங்கள் அடுத்தடுத்து வருகின்றன: அமைதியாக இருப்பதுதான் கௌரவமான செயல், உன் மானமும் தப்பும், பணிந்துபோனால் சில ஆண்டுகளில் திரும்ப அழைத்துக்கொண்டாலும் கொள்வோம். இதைச் சொல்லி முடித்து, அதற்கு அவர் தவறான ஆளைப் பிடித்துவிட்டார் என்கிறார் மேசன். கட்டுரையில் நடுவிலிருந்த ஆசைவார்த்தை இல்லை. கௌரவமான செயல் என்ற பேச்சு வருகிறது, உடனே தவறான ஆள் என்ற பதில் வருகிறது. நாடாவில் கேட்கும்போது மேசன் ஆசை காட்டி வாங்க முடியாத மனிதர். அச்சில் படிக்கும்போது கௌரவம் என்றாலே தனக்கு ஆகாது என்று பெருமை பேசுகிற மனிதர். கடைசி வாக்கியம் அவர் சொன்னதுதான். முன்னால் இருந்த சில வரிகளை நீக்கியதே அதன் பொருளைத் தலைகீழாக்கிவிட்டது.

நேர் மேற்கோளின் பெரிய ஆபத்து இதுதான். சொல்லை மாற்றினால் என்றாவது ஒருநாள் பிடிபடும். வெட்டினால் பிடிபடுவது கடினம், ஏனென்றால் அச்சில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கும். முன்னும் பின்னும் இருந்த இரண்டு மூன்று வாக்கியங்களையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியவரும்.

இந்த வழக்கில் இன்னொரு கேள்வியும் இருந்தது. கீழே மேல்முறையீட்டு நீதிமன்றம் மால்கமுக்குச் சாதகமாக ஒரு வாதத்தை ஏற்றிருந்தது: மேசன் சுற்றி வளைத்துப் பேசினார், அந்தப் பேச்சுக்கு நியாயமாகக் கொள்ளக்கூடிய ஒரு விளக்கத்தைத்தான் கட்டுரை தந்தது, ஆகவே அது பொய் ஆகாது. இந்த வாதம் புதிதாக முளைத்தது இல்லை. 1971-இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்த்த வேறொரு வழக்கிலிருந்து வந்தது. அந்த வழக்கு சுருக்கத்தைப் பற்றியது.

1958 அக்டோபரில் சிகாகோவில் ஜேம்ஸ் மன்றோ என்ற கறுப்பினத்தவரின் வீட்டுக்குள் காவலர்கள் புகுந்து, அவரையும் குடும்பத்தையும் கொடுமைப்படுத்தியதாகப் புகார் எழுந்தது. காவலர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஃபிராங்க் பேப் என்ற அதிகாரி. மன்றோ வழக்குத் தொடுத்தார். 1961-இல் அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணையம் காவல்துறை அத்துமீறல்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சம்பவமும் இடம்பெற்றது. மன்றோவின் புகாரில் உள்ளபடி நடந்தது இது என்று சொல்லித்தான் ஆணையம் அதை விவரித்திருந்தது. ‘டைம்’ இதழ் அறிக்கையைச் சுருக்கிச் செய்தி போட்டபோது புகார் என்ற அடையாளம் விழுந்துவிட்டது. காவலர்கள் இப்படிச் செய்தார்கள் என்று, ஆணையமே விசாரித்து முடிவுகட்டியதைப் போலச் செய்தி நின்றது. பேப் வழக்குப் போட்டார்.

நீதிமன்றம் ‘டைம்’ பக்கம் தீர்ப்பளித்தது. ஆணையத்தின் அறிக்கையே இரண்டு விதமாகப் படிக்கும்படி இருந்தது, ஆணையம் அந்தப் புகாரை நம்பியது போன்ற தோற்றமும் அதில் இருந்தது, அத்தகைய மூலத்தை இதழ் ஒரு விதமாகப் புரிந்துகொண்டதை உள்நோக்கமுள்ள பொய் என்று சொல்ல முடியாது என்பது காரணம். அதோடு விடவில்லை. ஒருவரின் பெயரைக் கெடுக்கும் செய்திகளில் குற்றச்சாட்டு என்ற அடையாளம் தேவையற்றது என்று யாரும் இந்தத் தீர்ப்பைப் படிக்கக் கூடாது என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதிவைத்தார்.

சுருக்கம் எங்கே பிசகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சுருக்குபவரின் கை முதலில் சின்னச் சொற்களைத்தான் களையும். ‘புகாரின்படி’, ‘இருக்கலாம்’, ‘சில இடங்களில்’, ‘இதுவரை தெரிந்தவரை’ ஆகிய சொற்கள் இல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும், இன்னும் விறைப்பாகவே நிற்கும். ஆனால் மூல ஆசிரியர் தன் கருத்துக்குப் போட்ட வேலியே அந்தச் சொற்கள்தாம். தமிழில் இந்த வேலி இன்னும் மெல்லியது. ‘அடித்தாராம்’ என்பதில் இருக்கும் ஓர் ‘ஆம்’, கேள்விப்பட்ட செய்தி என்ற முழுச் சுமையையும் தாங்குகிறது. அது போனால் ‘அடித்தார்’ என்ற உறுதிக் கூற்று மிஞ்சும்.

இருபது ஆண்டுகள் கழித்து மேசன் வழக்கு வந்தபோது, பேப் வழக்கின் இந்தச் சலுகையை நேர் மேற்கோளுக்கு நீட்ட நீதிமன்றம் மறுத்தது. குறி போடாமல் எழுதும்போது, இது எழுத்தாளரின் புரிதல் என்று வாசகர் அறிந்தே படிக்கிறார். குறி போட்டுவிட்டால், எழுத்தாளர் விலகி நிற்கிறார், பேசியவரே பேசுகிறார் என்று வாசகர் நம்புகிறார். அங்கே விளக்கத்துக்கு இடம் கிடையாது. மாற்றுரைக்கும் சுருக்கத்துக்கும் ஒரு நியாயம், மேற்கோளுக்கு இன்னொரு நியாயம் என்ற பிரிவினை சட்டத்திலேயே இப்படி வந்து சேர்ந்தது. மால்கமுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால் குறியை எடுத்துவிட்டு, மேசன் தன்னைப் பற்றி இப்படி எண்ணினார் என்று தன் பொறுப்பில் எழுதியிருக்கலாம். அது அவருடைய கருத்தாக நின்றிருக்கும். வழக்கு பின்னர் நடுவர் குழுவிடம் திரும்பிப் போனது. 1994-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடுவர்கள் இரண்டு மேற்கோள்கள் பொய்யானவை என்று கண்டார்கள். ஆனால் மால்கம் தெரிந்தோ பொறுப்பில்லாமலோ செய்ததாக நிறுவப்படவில்லை என்பதால் அவர் பக்கமே தீர்ப்பு வந்தது.

தமிழில் எழுதுபவருக்குச் சிக்கல் சற்றுக் கூடுதல். ‘என்று’ என்ற சொல்லை நாம் நேர்க்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறோம். ‘பதவி விலக மாட்டேன் என்று அமைச்சர் கூறினார்’ என்று குறியில்லாமல் எழுதினால், விலக மாட்டேன் என்பது அமைச்சரின் வாயிலிருந்து வந்த சொல்லா, செய்தியாளர் சாரத்தை அப்படி அமைத்தாரா என்று வாசகருக்குத் தெரியாது. ‘பதவி விலகப்போவதில்லை என அமைச்சர் தெரிவித்தார்’ என்பது தெளிவான மாற்றுரை. சொல்லே முக்கியமானால் குறி போட வேண்டும், இல்லையென்றால் தன்மை வினையைத் தவிர்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வாக்கியம் பின்னால் தகராறுக்கு இடம் தரும்.

வேற்றுமொழிப் பேச்சு இன்னொரு சிக்கல். தில்லியில் இந்தியில் பேசியதும், நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் சொன்னதும், நம் நாளிதழ்களில் நல்ல தமிழில் மேற்கோள் குறிக்குள் வருகின்றன. அந்தச் சொற்கள் பேசியவருடையவை இல்லை, மொழிபெயர்த்தவருடையவை. மூலத்தை எடுத்துப் பார்த்து ஒப்பிட்டாலொழிய வாசகருக்கு அது தெரிய வழியில்லை. இத்தகைய இடங்களில் மாற்றுரையே நேர்மையானது. குறி கட்டாயம் வேண்டுமென்றால், இது தமிழாக்கம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்.

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த கவலை என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தின் மரபியல், முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்காகப் பிரிக்கிறது. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் பழைய நூற்பாக்கள் சிலவற்றைச் சொல் மாறாமல் எடுத்தாண்டார். அப்படி எடுப்பதற்கான காரணத்தையும் பாயிரத்திலேயே தந்திருக்கிறார்: முன்னோர் சொன்ன பொருளைப் போலவே அவர்களுடைய சொல்லும் மதித்துக் காக்கத் தக்கது என்பது அதில் ஒன்று. சுருக்குவதும் விரிப்பதும் அப்படியே எடுப்பதும் தனித்தனி வேலைகள் என்ற தெளிவு இங்கே பழையது.

இனி மூன்றையும் ஒரே மூலத்தில் செய்து பார்க்கலாம். நீர்ப்பாசனப் பொறியாளர் ஒருவர் எழுதியதாக ஒரு பத்தியை வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்காகவே இங்கே எழுதப்பட்டது இது:

“ஏரியைத் தூர்வாரியதும் நிலத்தடி நீர் உயர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கும் வரை, எவ்வளவு ஆழப்படுத்தினாலும் ஏரி வெறும் பள்ளம். எங்கள் வட்டாரத்தில் தூர்வாரிய பின் சில கிணறுகளில் நீர் ஏறியது உண்மை. ஆனால் அந்த ஆண்டு மழையும் கூடுதல்; அதனால் ஏறியிருக்கவும் கூடும்.”

முதலில் கெட்ட மாற்றுரை: ‘குளத்தைத் தூர்வாரியவுடன் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது கூடாது. வரத்து வாய்க்கால் அடைபட்டிருக்கும்வரை எவ்வளவு ஆழமாக்கினாலும் குளம் வெறும் குழிதான்.’ ஏரிக்குக் குளம், கால்வாய்க்கு வாய்க்கால், பள்ளத்துக்குக் குழி. வாக்கிய அமைப்பு பொறியாளருடையது, சொற்கள் மட்டும் மாறியிருக்கின்றன. ஏரியும் குளமும் ஒன்றல்ல என்பதால் பிழையும் சேர்ந்துவிட்டது. மாணவர் கட்டுரைகளில் மிக அதிகமாகத் தென்படும் குறை இது. சொன்னவர் பெயர் இல்லாவிட்டால் திருட்டு; இருந்தாலும்கூட வாசகரை ஏமாற்றுகிற ஒட்டுவேலை.

நல்ல மாற்றுரை மூலத்தை மூடிவைத்துவிட்டு எழுதப்படுவது: ‘தண்ணீர் வந்துசேரும் வழியைச் சரிசெய்யாமல் ஏரியை மட்டும் தோண்டுவதில் பலன் எதிர்பார்க்க முடியாது என்கிறார் பொறியாளர். தன் பகுதியில் தூர்வாரிய பின் சில கிணறுகளில் நீர் கூடியதை அவர் மறுக்கவில்லை. அதற்குத் தூர்வாரியது காரணமா, அந்த ஆண்டின் நல்ல மழை காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பது அவர் நிலை.’ வாதத்தின் படிகள் எல்லாம் இருக்கின்றன, ஐயமும் அப்படியே இருக்கிறது. எழுதி முடித்த பிறகு மூலத்தைத் திறந்து இரண்டைச் சரிபார்க்க வேண்டும்: சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்தனவா, வேலிகள் விழுந்துவிட்டனவா.

சுருக்கம் ஒரே வாக்கியம்: ‘வரத்துக் கால்வாயைச் சீர்செய்யாமல் தூர்வாருவதால் மட்டும் நிலத்தடி நீர் உயரும் என்று சொல்ல முடியாது என்பது பொறியாளர் கருத்து.’ கிணறும் மழையும் போய்விட்டன, போகலாம். ‘தூர்வாருவது வீண் என்கிறார் பொறியாளர்’ என்று இன்னும் குறுக்கினால் அது அவர் சொல்லாத கருத்து. ‘மட்டும்’ என்ற சொல்லோடு அவர் வாதமும் போய்விட்டது.

இந்தப் பத்தியிலிருந்து நேர் மேற்கோளாக எடுக்கத் தக்கது எது? எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. ஏரி ‘வெறும் பள்ளம்’ என்ற இரண்டு சொற்கள் போதும். அந்த உருவம் அவருடையது, வேறு சொல்லால் ஈடுசெய்ய முடியாது.

வாதத்தில் எதை எங்கே வைப்பது என்பதும் இதிலிருந்தே புரியும். சொல்லே சான்றாக நிற்கும் இடத்தில் மேற்கோள் வேண்டும். சட்டப்பிரிவு, ஒப்பந்த வாசகம், ஒருவர் கொடுத்த வாக்கு, விடுத்த மிரட்டல், செய்த ஒப்புதல், ஆராயப்படும் கவிதை ஆகியவற்றில் ஒரு சொல் மாறினாலும் வழக்கு மாறிவிடும். எதிர்த்தரப்பின் வாதத்தை மறுக்கப் போகிறோம் என்றால், மறுக்கப்படும் அந்த மைய வாக்கியமும் அவர்கள் சொல்லிலேயே இருக்க வேண்டும். ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று அவர்கள் நழுவ வழி இருக்காது, நாமே திரித்துவிட்டோமோ என்ற ஐயமும் எழாது.

சொல் முக்கியமில்லை, காரணத் தொடர் முக்கியம் என்றால் மாற்றுரை. மருத்துவ ஆய்வு, தொழில்நுட்ப அறிக்கை, சுற்றிச் சுற்றிப் போகும் அரசாணை ஆகியவற்றை அப்படியே எடுத்து ஒட்டினால் பொது வாசகர் தாண்டிப் போய்விடுவார். அவற்றைத் தம் சொல்லில் சொல்ல முடிந்த எழுத்தாளருக்குத்தான் அந்த விஷயம் விளங்கியிருக்கிறது. நீண்ட மேற்கோள்களாக அடுக்குபவர் பெரும்பாலும் புரிந்துகொள்ளும் வேலையை வாசகர் தலையில் கட்டுகிறார்.

சுருக்கம் பின்னணிக்கு உரியது. விவாதம் எப்படித் தொடங்கியது, இதுவரை யார் யார் என்ன நிலை எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு நகர வேண்டிய இடத்துக்கு அது. வாதத்தின் திருப்புமுனையைச் சுருக்கத்தில் விட்டுவிடக் கூடாது. படிப்பவர் சரிபார்த்துப் பார்க்கக்கூடிய எதுவும் சுருக்கத்தில் இருப்பதில்லை. நன்றாக எழுதப்பட்ட ஒரு மறுப்புக் கட்டுரையைப் பிரித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே பத்தியில் கைகோத்து நிற்பதைக் காணலாம். எதிராளியின் முழு நிலைப்பாடு இரண்டு வரிச் சுருக்கமாக வரும். சர்ச்சைக்குரிய படி மாற்றுரையாக விரியும். அந்தப் படி எந்தச் சொல்லைப் பிடித்து நிற்கிறதோ அது மட்டும் குறிக்குள் வரும்.

ஒன்று மூன்றுக்கும் பொது. சொன்னவர் பெயரை மேற்கோளுக்கு மட்டும் போட்டால் போதும், சொல்லை மாற்றிவிட்டால் கருத்து நம்முடையதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கருத்தை முதலில் கண்டவர் அவர்தான். மாற்றுரைக்கும் சுருக்கத்துக்கும் பெயர் கட்டாயம் வேண்டும். அதுவும் எங்கே அவர் கருத்து முடிந்து நம் கருத்து தொடங்குகிறது என்று தெரியும்படி வேண்டும். ஐந்து வாக்கியம் ஓடும் மாற்றுரையில் முதல் வாக்கியத்தில் மட்டும் ‘என்கிறார்’ இருந்தால், மீதி நான்கும் யாருடையவை என்று வாசகர் திண்டாடுவார்.

பிழைகளில் பெரும்பாலானவை எழுதும்போது நேர்வதில்லை, குறிப்பு எடுக்கும்போதே நேர்ந்துவிடுகின்றன. நூலிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, குறி போடாமல் விட்டு, மூன்று மாதம் கழித்துத் தன் சொந்த வரி என்று நம்பிக் கட்டுரையில் சேர்த்தவர்கள் ஏராளம். மால்கம் விஷயத்திலும் நாடாவில் இல்லாத பேச்சுகள் கையெழுத்துக் குறிப்பிலிருந்து வந்தவை என்றே அவர் சொன்னார். அந்தக் குறிப்பேட்டை வழக்கு நடந்தபோது காட்ட முடியவில்லை. ஆகவே கட்டுரை, ஆய்வேடு, மேடைப் பேச்சு எதற்குக் குறிப்பு எடுத்தாலும், நகலெடுத்த சொற்களுக்கு அப்போதே மேற்கோள் குறி போட்டுப் பக்க எண்ணை எழுதுங்கள். மாற்றி எழுதியதற்குப் பக்கத்தில் ‘மா’ என்றும், சுருக்கியதற்கு ‘சு’ என்றும் ஓர் எழுத்து இடுங்கள். உங்கள் சொந்தக் கருத்தை வேறு நிற மையில் எழுதுங்கள். குறிப்பேட்டை இப்படி வைத்துக்கொண்டு எழுத உட்காருங்கள்.